தனித்த அணுவும் பிணைந்த அணுவும்

சமையல் வாயுவில் கார்பனும் ஹைட்ரஜனும் ஓர் எலக்ட்ரான் ஜோடியைப் பங்கிட்டுக்கொண்டு பிணைந்திருக்கின்றன. அந்த ஜோடியைத் தன் பக்கம் கூடுதலாக இழுப்பது எது? பள்ளிப் பாடப்புத்தகத்தின் எலக்ட்ரான் கவர்தன்மை அட்டவணையைப் பார்த்தால் கார்பனுக்கு 2.55, ஹைட்ரஜனுக்கு 2.20. ஆகவே கார்பன்தான். ஆனால் இரண்டு அணுக்களையும் தனித்தனியாக அளந்து வேறொரு முறையில் கணக்கிட்டால் ஹைட்ரஜனுக்கு 7.18, கார்பனுக்கு 6.26 என்று வருகிறது. எண்கள் பெரிதாக இருப்பதற்குக் காரணம் அலகு வேறு என்பதுதான், அதை விட்டுவிடலாம். வரிசையே தலைகீழாக மாறியிருக்கிறதே, அதை விட முடியாது.

முதல் அட்டவணை லைனஸ் பாலிங் 1932இல் தொடங்கி வைத்தது. அவர் தனி அணுவைத் தொடவே இல்லை. பிணைப்பை உடைக்க எவ்வளவு ஆற்றல் தேவை என்ற அளவீடுகளை மட்டும் எடுத்துக்கொண்டார். ஹைட்ரஜன் குளோரைடை வைத்து அவர் வழியைப் பின்பற்றிப் பார்க்கலாம். ஒரு மோல் ஹைட்ரஜன் மூலக்கூறுகளின் பிணைப்பை உடைக்க 436 கிலோஜூல் வேண்டும், குளோரினுக்கு 243. ஹைட்ரஜனும் குளோரினும் எலக்ட்ரான்களைச் சரிபாதியாகப் பங்கிட்டிருந்தால், அவை சேர்ந்த பிணைப்பின் வலிமை இவ்விரண்டின் சராசரிக்குப் பக்கத்தில், ஏறத்தாழ 340 என்று இருக்க வேண்டும். அளந்து பார்த்தால் 432. இந்த 92 கிலோஜூல் உபரி எங்கிருந்து வந்தது? எலக்ட்ரான் ஜோடி குளோரின் பக்கம் சாய்ந்திருப்பதால், ஒரு முனை சற்றே நேர்மின்னும் மறுமுனை சற்றே எதிர்மின்னும் கொண்டு ஒன்றையொன்று கூடுதலாக ஈர்க்கின்றன என்றார் பாலிங். உபரியை எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மாற்றினால் 0.95, அதன் வர்க்கமூலம் 0.98. அட்டவணையில் குளோரின் 3.16, ஹைட்ரஜன் 2.20, வித்தியாசம் 0.96. ஒரே ஒரு பிணைப்பை வைத்துப் போட்ட கணக்கு, பல சேர்மங்களைச் சேர்த்துச் சரிசெய்த அட்டவணைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கிறது.

இந்த வழியில் கிடைப்பது வித்தியாசம் மட்டுமே என்பதைக் கவனியுங்கள். ஏதாவது ஒரு தனிமத்துக்கு நாமாக ஓர் எண்ணை வைத்தால்தான் மற்றவற்றுக்கு எண் கிடைக்கும். ஹைட்ரஜனுக்கு 2.20 என்பது அப்படி வைத்துக்கொண்ட எண்.

ராபர்ட் முல்லிக்கன் 1934இல் எதிர்த்திசையிலிருந்து வந்தார். இரண்டு அணுக்கள் ஒரு ஜோடியைப் பங்கிடும்போது, முதல் அணு தன் எலக்ட்ரானை இரண்டாவதற்குக் கொடுத்துவிடுவதற்கும், இரண்டாவது முதலாவதற்குக் கொடுத்துவிடுவதற்கும் ஆகும் ஆற்றல் ஒன்றாக இருந்தால் இரண்டும் சமபலம் என்றுதானே பொருள்? கொடுக்கும் அணுவுக்கு ஆகும் செலவு அதன் அயனியாக்கும் ஆற்றல்; வாங்கும் அணுவுக்குக் கிடைக்கும் வரவு அதன் எலக்ட்ரான் நாட்டம். இந்தச் சமன்பாட்டை எழுதி, ஒவ்வோர் அணுவுக்கும் உரியதை ஒரு பக்கமாக ஒதுக்கினால், ஒப்பிட வேண்டியது இவ்விரண்டின் கூட்டுத்தொகை என்று தானாகவே வந்துவிடுகிறது. அதில் பாதியை அவர் கவர்தன்மையாக வைத்தார். குளோரினுக்கு அயனியாக்கும் ஆற்றல் 12.97 எலக்ட்ரான் வோல்ட், நாட்டம் 3.61, பாதி 8.29. இங்கே எந்தத் தனிமத்துக்கும் நாமாக எண் வைக்கத் தேவையில்லை. என் பார்வையில் காரணகாரியம் தெளிவாகத் தெரியும் வழி இதுதான்.

ஹாலஜன் குடும்பத்தில் இரண்டு வழிகளும் அழகாக ஒத்துப்போகின்றன. ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் என்று பாலிங் எண்கள் 3.98இலிருந்து 2.66 வரை இறங்குகின்றன. முல்லிக்கன் எண்களும் 10.41, 8.29, 7.59, 6.76 என்று அதே வரிசையில் இறங்குகின்றன. அப்படியானால் கார்பனிடம் மட்டும் என்ன கோளாறு?

கோளாறு, நாம் எந்தக் கார்பனை அளந்தோம் என்பதில் இருக்கிறது. 6.26 என்ற எண் வாயு நிலையில் தன்னந்தனியாகக் கிடக்கும் கார்பன் அணுவினுடையது. அந்த அணுவில் பிணைப்புக்குத் தயாராக இருப்பவை இரண்டு ஒற்றை எலக்ட்ரான்கள்தாம். மீத்தேனில் இருக்கும் கார்பனோ நான்கு பிணைப்புகளைத் தாங்குகிறது; அதன் எஸ், பி ஆர்பிட்டால்கள் கலந்து இனக்கலப்பு அடைந்திருக்கின்றன. எஸ் ஆர்பிட்டால் அணுக்கருவுக்கு நெருக்கமாகவும் இருப்பதால், அதன் பங்கு சேர்ந்த எலக்ட்ரான் இறுக்கமாகப் பிடிக்கப்படுகிறது. ஆகவே பிணைப்புக்குத் தயாரான அந்த நிலையில் அயனியாக்கும் ஆற்றலும் நாட்டமும் என்னவாக இருக்கும் என்று கணக்கிட வேண்டும். முல்லிக்கன் தொடக்கத்திலேயே இதை வலியுறுத்தினார். பின்னர் ஹின்சேயும் யாஃபேயும் 1962இல் அதை விரிவாகச் செய்தார்கள். மீத்தேன் வகைக் கார்பனுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 7.98. ஹைட்ரஜனிடம் கலப்பதற்கு வேறு ஆர்பிட்டால் இல்லாததால் அது 7.18இலேயே நிற்கிறது. வரிசை நேராகிவிட்டது.

இந்தத் திருத்தம் ஒரு பரிசையும் தருகிறது. எஸ் பங்கு கால்வாசியாக இருக்கும் மீத்தேன் வகைக் கார்பனுக்கு, பாலிங் அலகுக்கு மாற்றிய மதிப்பு 2.48. மூன்றில் ஒரு பங்கான எத்திலீன் கார்பனுக்கு 2.75. சரிபாதியான அசிட்டிலீன் கார்பனுக்கு 3.29. வெல்டிங் பட்டறையில் எரிக்கும் அதே அசிட்டிலீனை, அம்மோனியா கலந்த சில்வர் நைட்ரேட் கரைசலில் செலுத்தினால் வெள்ளை வீழ்படிவு இறங்குகிறது. கார்பனோடு இருந்த ஹைட்ரஜன் விலகி, அந்த இடத்தில் வெள்ளி உட்கார்ந்துவிடுகிறது. ஈத்தேனைச் செலுத்தினால் எதுவும் நடப்பதில்லை. எலக்ட்ரான் ஜோடியை வலுவாக இழுத்துக்கொள்ளும் கார்பனிடமிருந்து ஹைட்ரஜன் எளிதாகப் புரோட்டானாகக் கழன்றுவிடும் என்பதே விளக்கம். கார்பனுக்கு ஒரே எண்ணை, 2.55ஐ, வைத்திருக்கும் அட்டவணையால் இந்த வேறுபாட்டைக் காட்ட வழியில்லை.

பாலிங் வழிக்கும் தன் சொந்த இடறல் உண்டு. லித்தியம் ஹைட்ரைடை எடுத்துக்கொள்ளுங்கள். லித்தியம் ஜோடியின் பிணைப்பு ஏறத்தாழ 105 கிலோஜூல், ஹைட்ரஜனுடையது 436, சராசரி 270. லித்தியம் ஹைட்ரைடில் அளப்பது சுமார் 238. உபரிக்குப் பதில் பற்றாக்குறை. எதிர்மறை எண்ணுக்கு மெய்யான வர்க்கமூலம் கிடையாது. கணக்கு அங்கேயே நின்றுவிடுகிறது. பாலிங் இதற்காகக் கூட்டுச் சராசரியை விட்டுப் பெருக்கல் சராசரிக்கு மாறினார்: 105ஐ 436ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 214, உபரி திரும்பி வந்துவிடுகிறது. வேலை நடந்தது. ஆனால் சமமான பங்கீட்டின் வலிமை இதுதான் என்று இயற்கை எங்கும் எழுதிவைக்கவில்லை, அது நம்முடைய அனுமானம் என்பதும் வெளியே தெரிந்துவிட்டது.

ஃபுளூரினிடமும் இப்படி ஒரு சந்தேகம் உண்டு. இரண்டு ஃபுளூரின் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு வெறும் 159 கிலோஜூல். சிறிய அணுக்கள் நெருங்கி நிற்கும்போது பிணைப்பில் சேராத தனி எலக்ட்ரான் ஜோடிகள் ஒன்றையொன்று தள்ளுவதால் வந்த பலவீனம் இது. சராசரி இதனால் தாழ்ந்து, உபரி பெருகி, அந்தத் தள்ளுவிசையின் ஒரு பகுதியும் கவர்தன்மையின் கணக்கிலேயே சேர்ந்துவிடுகிறது.

சேர்மங்களின் பிணைப்பு ஆற்றலை மதிப்பிடவும், எந்த முனை எதிர்மின் கொள்ளும் என்று சட்டெனச் சொல்லவும் பாலிங் எண்களே போதும். அவை பிணைப்புகளிலிருந்தே பிறந்தவை. ஒரே தனிமம் வேறு வேறு பிணைப்பில் ஏன் வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்று கேட்டால் முல்லிக்கனிடம்தான் போக வேண்டும், அதுவும் பிணைப்புக்குத் தயாரான அணுவின் எண்ணோடு. ஓர் எண்ணை இந்த அட்டவணையிலிருந்தும் மற்றொன்றை அந்த அட்டவணையிலிருந்தும் எடுத்து மட்டும் கழித்துவிடாதீர்கள். ஒன்றின் அலகு எலக்ட்ரான் வோல்ட், மற்றதன் அலகு அதன் வர்க்கமூலம்.