கண்ணுக்குத் தெரியாத குழியின் பரப்பு

ஒரு கிராம் எடைக்கல் உள்ளங்கையில் இருந்தால் இருப்பதே தெரியாது. அது தரும் விசை ஏறத்தாழ 10 மில்லிநியூட்டன். அதே விசையை ஒரு வைர முனையின் நுனியில் குவித்துக் கண்ணாடியின் மேல் அழுத்தினால் கண்ணாடி குழிந்துவிடும். முனை 300 நானோமீட்டர் அளவுக்கு உள்ளே போகும். முக்கோணமாகப் பதியும் அந்தத் தடத்தின் ஒரு பக்கம், தலைமுடியின் தடிமனில் நாற்பதில் ஒரு பங்குதான் இருக்கும்.

இந்தச் சிறு குழியிலிருந்து அந்தப் பொருளின் கடினத்தன்மையையும் மீட்சிக் குணகத்தையும் ஒருசேரக் கணக்கிடுவதுதான் நானோஇன்டென்டேஷன் சோதனை.

கடினத்தன்மை என்பது எளிய வகுத்தல். அழுத்திய விசையை, முனை பொருளைத் தொட்ட பரப்பால் வகுக்க வேண்டும். பெரிய இயந்திரங்களில் குழியை நுண்ணோக்கியில் வைத்து, அதன் மூலைவிட்டத்தை அளந்து பரப்பைக் கண்டுபிடிப்பார்கள். இங்கே அது கடினம். குழியின் ஆழம் ஒளியின் அலைநீளத்தையும் விடச் சிறியது என்பதால் சாதாரண நுண்ணோக்கியில் அதன் ஓரம் மங்கித் தெரியும். ஆகவே குழியைப் பார்ப்பதற்குப் பதிலாக, அது உருவாகும்போதே எவ்வளவு விசைக்கு முனை எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதைக் கருவி நொடிக்கு நொடி பதிவு செய்கிறது. விசை ஓர் அச்சிலும் ஆழம் மற்ற அச்சிலுமாக வரையும் அந்தக் கோட்டில்தான் விடை இருக்கிறது.

கோடு மேலே ஏறும் வழியும் கீழே இறங்கும் வழியும் வேறு வேறு. சப்பாத்தி மாவை விரலால் அழுத்தி எடுத்தால் பள்ளம் நிற்கும்; ஆனால் அழுத்திய முழு ஆழத்துக்கு நிற்காது, சற்றே மேலெழும்பிவிடும். கண்ணாடியும் உலோகமும் அப்படித்தான். விசையை ஏற்றும்போது நிலையான உருமாற்றமும் திரும்பி வரக்கூடிய மீட்சியும் கலந்து நடப்பதால், ஏறும் கோட்டிலிருந்து இரண்டையும் பிரித்தெடுப்பது சிக்கல். விசையைக் குறைக்கத் தொடங்கியதும் நிலையான உருமாற்றம் நின்றுபோகிறது. அந்தக் கணத்திலிருந்து நடப்பது மீட்சி மட்டுமே என்று கொள்ளலாம். அதனால்தான் இறங்கும் கோட்டின் உச்சியில், இறங்கத் தொடங்கும் இடத்தில், அதன் சாய்வை அளக்கிறார்கள்.

அந்தச் சாய்வு, முனைக்கும் பொருளுக்கும் இடையிலான தொடர்பு எவ்வளவு விறைப்பானது என்பதைச் சொல்கிறது. விறைப்பை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: பொருளின் மீட்சிக் குணகம், தொடுபரப்பின் வர்க்கமூலம். இயான் ஸ்னெடன் 1965-இல் தந்த மீட்சிக் கோட்பாடு இதற்கு அடித்தளம். புலிச்சேவும் அவருடைய சகாக்களும் 1975-இல் சோவியத் ஒன்றியத்தில் இதை இத்தகைய சோதனைக்குப் பயன்படுத்தினார்கள். சாய்வும் பரப்பும் தெரிந்தால் குணகம் வந்துவிடும். எஞ்சியது அந்தப் பரப்புதான்.

முனை இறங்கிய ஆழத்திலிருந்து பரப்பை எடுக்கலாமே என்று தோன்றும். பெர்கோவிச் எனப்படும் மூன்று பக்கக் கூம்பு முனையின் வடிவம் துல்லியமாகத் தெரியும். ஆழத்தின் வர்க்கத்தை 24.5-ஆல் பெருக்கினால் அந்த ஆழத்தில் அதன் குறுக்குப் பரப்பு. ஆனால் முனை அழுந்தும்போது சுற்றியுள்ள மேற்பரப்பும் சேர்ந்து கீழே வளைகிறது. மெத்தையில் ஒருவர் உட்கார்ந்தால் பக்கத்துத் துணியும் தாழ்வதைப் போல. எனவே முனை இறங்கிய மொத்த ஆழத்தில் ஒரு பகுதி, பொருளைத் தொடாமலே கடந்த தூரம். அதைக் கழித்துவிட்டு, உண்மையில் தொட்டுக்கொண்டிருந்த ஆழத்தை மட்டும் எடுக்க வேண்டும்.

எவ்வளவு கழிப்பது? வாரன் ஆலிவரும் ஜார்ஜ் ஃபாரும் 1992-இல் வெளியிட்ட கட்டுரை இதற்குத் தந்த விடைதான் இன்றும் பெரும்பாலான கருவிகளில் இயங்குகிறது. அதற்கு முன் 1986-இல் டோர்னரும் நிக்ஸும் இறங்கும் கோட்டின் தொடக்கத்தை நேர்கோடாகக் கொண்டிருந்தார்கள். ஆலிவரும் ஃபாரும் ஆறு பொருட்களில் சோதித்தபோது, கோடு முதல் புள்ளியிலிருந்தே வளைவதைக் கண்டார்கள். வளைவுக்கு ஏற்ற சமன்பாட்டைப் பொருத்தி, உச்சியில் அதன் சாய்வை எடுத்தார்கள். மேற்பரப்பு தாழ்ந்த அளவும் அதே சாய்விலிருந்து கிடைக்கிறது: உச்ச விசையைச் சாய்வால் வகுத்து, முக்காலால் பெருக்கினால் போதும். பரப்பைக் கண்டுபிடிக்கவும் குணகத்தைக் கண்டுபிடிக்கவும் ஒரே சாய்வு இரண்டு முறை உழைக்கிறது. இந்த முறையின் அழகும் ஆபத்தும் அதில்தான் இருக்கின்றன.

உருக்கிய சிலிக்கா என்ற கண்ணாடியில், நுனி மழுங்காத முனை கொண்டு செய்ததாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். உச்ச விசை 10 மில்லிநியூட்டன், உச்ச ஆழம் 302 நானோமீட்டர், சாய்வு ஒரு நானோமீட்டருக்கு 0.082 மில்லிநியூட்டன்.

```
hc = 302 − 0.75 × 10 / 0.082 ≈ 210.5 nm
A  = 24.5 × hc² ≈ 1.086 µm²
H  = P / A ≈ 9.2 GPa
Er = (√π / 2) × S / √A ≈ 69.7 GPa
```

மூன்றாவது வரி கடினத்தன்மை. நான்காவது வரியில் வருவது கண்ணாடியின் குணகம் மட்டுமல்ல. அழுத்திய வைரமும் கொஞ்சம் நசுங்கியிருக்கிறது. வைரத்தின் குணகம் 1141 கிகாபாஸ்கல் என்று வைத்து அதன் பங்கை நீக்கினால் கண்ணாடிக்கு 72 கிகாபாஸ்கல் கிடைக்கிறது. முனையின் முக்கோண வடிவத்துக்காகச் செய்யும் சில சதவீதத் திருத்தத்தை இங்கே விட்டிருக்கிறோம். மேற்பரப்பு தாழ்ந்ததைக் கழிக்காமல் 302-ஐயே ஆழமாக எடுத்திருந்தால் பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் வந்திருக்கும், கடினத்தன்மை 4.5-க்குக் கீழே விழுந்திருக்கும்.

நடைமுறையில் எந்த வைர முனையும் கூர்மையாகவே இருப்பதில்லை. நுனி உருண்டிருக்கும், பயன்படுத்தப் பயன்படுத்த மேலும் மழுங்கும். ஆழம் குறையக் குறைய 24.5 என்ற எண் உண்மையிலிருந்து விலகும். அதைத் திருத்தத்தான் உருக்கிய சிலிக்கா எல்லா ஆய்வகங்களிலும் இருக்கிறது. அதன் குணகம் 72 என்று முன்பே தெரியும். ஆழத்துக்கு ஆழம் மாறாது. எனவே கணக்கைத் தலைகீழாகப் போட்டு, பல ஆழங்களில் அளந்த சாய்வுகளிலிருந்து முனையின் உண்மையான பரப்பைக் கண்டுபிடித்துக் கருவிக்குச் சொல்லிவிடுகிறார்கள்.

பாலிமர்களில் வேறொரு தொல்லை. விசையைக் குறைக்கத் தொடங்கிய பிறகும் முனை மெல்ல உள்ளே நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த நகர்வு, மேலே வரும் அசைவைத் தின்றுவிடுவதால் சாய்வு செங்குத்தாகி, குணகம் கூடிவிடும். நகர்வு அதிகமானால் கோட்டின் உச்சி மூக்குபோல் வெளியே புடைத்து நிற்கும். உச்ச விசையில் சில நொடிகள் நிறுத்திவைத்து, நகர்வு அடங்கிய பின் வேகமாக இறக்கினால் மூக்கு மறையும்.

மிருதுவான உலோகங்களில்தான் முக்கால் என்ற அந்த எண்ணே தடுமாறுகிறது. அலுமினியம் போன்றவற்றில் முனையைச் சுற்றியுள்ள மேற்பரப்பு தாழாமல், விளிம்பில் வரப்புபோல் எழும்பக்கூடும். ஆனால் கணக்கு எப்போதும் தாழ்வை மட்டுமே கழிக்கும். வரப்பைச் சேர்க்க அதற்குத் தெரியாது. உண்மையான பரப்பு கணக்கிட்டதைவிட 20 சதவீதம் பெரிது என்றால், கடினத்தன்மை 20 சதவீதம் கூடுதலாகவும், வர்க்கமூலம் வருவதால் குணகம் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுதலாகவும் வந்துவிடும். இறங்கும் கோட்டில் இதன் தடயம் உண்டு. விசை முழுதும் நீங்கிய பின் எஞ்சும் ஆழம், உச்ச ஆழத்தில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் இருந்தால் வரப்பு எழும்பியிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். அலுமினியத்துக்கு வர வேண்டிய 70-க்குப் பதிலாக 77 வந்தால் சந்தேகம் வலுக்கும்.

அப்போது மாதிரியை எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைப்பார்கள். வரப்பு எழும்பிய குழியில் முக்கோணத்தின் பக்கங்கள் நேராக இல்லாமல் வெளிப்புறமாக வளைந்திருக்கும். அந்த வளைந்த ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டுப் பரப்பைப் படத்திலிருந்தே அளந்து, கோட்டிலிருந்து எடுத்த சாய்வை மட்டும் வைத்துக்கொண்டு கணக்கை மீண்டும் போடுவார்கள்.