பி.பி. மாத்திரை சாப்பிடுபவர் உப்பை மாற்றும் முன்

கடலூர் மாவட்டத்தில் பி.பி. மாத்திரைக்காக மாதாமாதம் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டிய நிலை பலருக்கு மாறியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகாதாரப் பணியாளரே வீட்டுக்கு வந்து, ரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். கூடவே “உப்பைக் குறைச்சுக்குங்க” என்றும் சொல்கிறார். நல்ல அறிவுரைதான். ஆனால் நாக்கு கேட்பதில்லை. அதனால் சிலர் மளிகைக் கடையில் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று எழுதிய பாக்கெட்டை வாங்கி, வழக்கம்போல அள்ளிப் போட்டுச் சமைக்கிறார்கள். அந்த உப்பு பலருக்கு நன்மை செய்யும். சிலருக்கு, குறிப்பாகச் சிறுநீரகம் பழுதுபட்டிருக்கும்போது ஒருவகை பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

உங்கள் மாத்திரை எந்த வகை?

மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கம்பெனி வைத்த பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். அது ‘பிரில்’ என்று முடிந்தால் (எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில்) அது ஏ.சி.இ. தடுப்பான் வகை. ‘சார்டான்’ என்று முடியும் லோசார்டான், டெல்மிசார்டான் போன்றவை வேறு வகை என்றாலும் பொட்டாசியம் விஷயத்தில் இதே எச்சரிக்கை அவற்றுக்கும் பொருந்தும். அம்லோடிபின் மட்டும் சாப்பிடுபவருக்கு அந்த மாத்திரையால் இந்தச் சிக்கல் வராது. ஆனால் ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து சேர்ந்திருப்பது இப்போது சகஜம் என்பதால் அட்டையை முழுக்கப் படிக்க வேண்டும்.

ஏ.சி.இ. தடுப்பான் ரத்தக்குழாயைத் தளர்த்தி அழுத்தத்தை இறக்குகிறது. அதே வேலையின் தொடர்ச்சியாக ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனையும் குறைக்கிறது. சிறுநீர் வழியாகப் பொட்டாசியத்தை வெளியே தள்ளச் சொல்லும் ஹார்மோன் அதுதான். அது குறைந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் கொஞ்சம் தேங்கும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இது பெரும்பாலும் தெரியவே தெரியாது. சர்க்கரை நோயாலோ வயதாலோ சிறுநீரகம் தளர்ந்தவருக்கு நிலைமை வேறு. வீராணம் ஏரிக்கு வரத்து கூடினால் மதகைத் திறந்துவிட வேண்டும். இவருடைய உடலிலோ மதகு பாதி மூடிக் கிடக்கும்போது வரத்து கூடுகிறது.

பாக்கெட்டுக்குள் இருப்பது என்ன?

சாதாரண உப்பு சோடியம் குளோரைடு. சோடியம் குறைந்த உப்பில் அதன் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, உப்புச் சுவையே தரும் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருப்பார்கள். எவ்வளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பாக்கெட்டின் சேர்மானப் பட்டியலில் ‘பொட்டாசியம் குளோரைடு’ என்றோ அதன் குறியீடான ஐ.என்.எஸ். 508 என்றோ இருக்கும். இந்துப்பு இதில் சேராது. அது பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். அதனால் அது பி.பி.க்கு நல்லது என்று நம்பிக் கூடுதலாகப் போடுவதும் தவறு.

ஒரு கிராம் பொட்டாசியம் குளோரைடில் சுமார் 520 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. நூற்றுக்கு 30 பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பை ஒருவர் நாளுக்கு 8 கிராம் சாப்பிட்டால், உப்பிலிருந்து மட்டும் ஏறக்குறைய 1,250 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளே போகிறது. மூன்று வாழைப்பழத்தில் இருக்கும் அளவு இது. வாழைப்பழத்தை வேண்டாம் என்று ஒதுக்கலாம். குழம்பிலும் ரசத்திலும் கரைந்துவிட்ட உப்பை ஒதுக்க முடியாது.

இந்த உப்பைக் கெட்டது என்றும் சொல்லிவிட முடியாது. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், பொட்டாசியம் கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. அந்த ஆய்வில் சேரும்போதே ஒரு நிபந்தனை இருந்தது. வீட்டில் யாருக்காவது கடுமையான சிறுநீரக நோய் இருந்தாலோ, பொட்டாசியத்தைத் தேக்கிவைக்கும் நீர் மாத்திரை யாராவது சாப்பிட்டாலோ சேர்க்கவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரே உப்பு ஜாடிதானே. உலக சுகாதார நிறுவனமும் 2025 ஜனவரியில் இந்த உப்பைப் பொதுவாகப் பரிந்துரைத்தபோது, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், பொட்டாசியம் வெளியேறுவதில் தடை உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், குழந்தைகளுக்கும் அந்தப் பரிந்துரை பொருந்தாது என்று விலக்கிவைத்தது.

இளநீரும் ஜூஸும்

சித்திரை வெயிலில் இளநீர் குடிக்காதே என்று கடலூர்க்காரரிடம் சொன்னால் எடுபடாது. எல்லோருக்கும் அப்படிச் சொல்ல வேண்டியதும் இல்லை. ஒரு இளநீரில் தோராயமாக 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும். ஒரு பெரிய டம்ளர் ஆரஞ்சு, மாதுளை, தக்காளி ஜூஸ் எதுவானாலும் 500-ஐ ஒட்டி இருக்கும். பழமாகச் சாப்பிட்டால் ஒன்றோடு நிறுத்துவோம். சாறாகப் பிழிந்தால் மூன்று நான்கு பழம் ஒரே மடக்கில் இறங்கிவிடும். சிறுநீரகம் சரியாக இருந்து ஏ.சி.இ. தடுப்பான் சாப்பிடுபவர் எப்போதாவது ஒரு இளநீர் குடித்தால் பயப்பட வேண்டாம். சிறுநீரகம் தளர்ந்தவர் தினமும் குடிக்கக் கூடாது. அவருக்கு எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஒரு கணக்கு

சிதம்பரத்தில் 64 வயதுப் பெரியவர் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பதினைந்து வருடமாகச் சர்க்கரை. எனலாப்ரில் சாப்பிடுகிறார். கிரியாட்டினின் 1.8. அவர் வயதுக்கு இது சிறுநீரகத்தின் வேலைத்திறன் 40 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிட்டதைக் காட்டும் எண். பொட்டாசியம் 4.9, இயல்பின் மேல் விளிம்பு. இதுவரை தொந்தரவு எதுவும் இல்லை.

மகள் அக்கறையோடு உப்பை மாற்றுகிறாள். அதில் 1,250 மில்லிகிராம். வெயிலுக்குக் காலையில் ஒரு இளநீர், 600. சாயங்காலம் ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸ், 500. வழக்கமான சாப்பாட்டில் இருப்பதற்கு மேல் தினம் 2,350 மில்லிகிராம் கூடிவிட்டது. பத்து நாள் கழித்து முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக் வாங்கி மூன்று நாள் போடுகிறார். அந்த வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துப் பாதி மூடிய வழியை இன்னும் அடைக்கிறது. ‘காலில் பலமே இல்லையே’ என்று அவர் உட்காரும்போது பொட்டாசியம் 6.5-ஐத் தாண்டியிருக்கலாம். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். நான்கும் ஒருவர் உடம்பில் சேர்ந்ததுதான் வினை.

இப்படிச் சேரும்போது என்ன ஆகும் என்பதைக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் பார்த்திருக்கிறது. இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு ஸ்பைரனோலாக்டோன் என்ற பொட்டாசியம் தேக்கும் நீர் மாத்திரை நல்லது என்று 1999-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஏற்கெனவே ஏ.சி.இ. தடுப்பான் சாப்பிட்டுக்கொண்டிருந்த முதியவர்களுக்கு அது வேகமாக எழுதப்பட்டது. பொட்டாசியம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் ஆயிரத்துக்கு 2.4 என்பதிலிருந்து 2001-க்குள் 11 ஆக உயர்ந்தார்கள். இறப்பும் 0.3-லிருந்து 2 ஆனது. அங்கே கூடியது ஒரு மாத்திரை. இங்கே கூடுவது உப்பும் ஜூஸும். தேங்குவது இரண்டிலும் பொட்டாசியம்தான்.

எப்படித் தெரியும்?

பொட்டாசியம் ஏறுவது பெரும்பாலும் வெளியே தெரியாது. தெரியும்போது கால் துவளும், விரல்கள் மரத்துப்போகும், நாடி மெதுவாகும் அல்லது தாறுமாறாகும், மயக்கம் வரும். சிலருக்கு இதயத் துடிப்பு நிற்பதே முதல் அறிகுறியாகிவிடும். பி.பி.யும் சர்க்கரையும் வீட்டுத் திண்ணையில் பார்த்துவிடலாம். பொட்டாசியத்துக்கு ஆய்வகம் வேண்டும். சீரம் பொட்டாசியம், கிரியாட்டினின் இரண்டையும் மாத்திரை தொடங்கும் முன்பும், தொடங்கிய அல்லது அளவு கூட்டிய ஓரிரு வாரத்திலும், அதன்பின் மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் பார்க்க வேண்டும். மருத்துவர் சம்மதித்து உப்பை மாற்றினால் சில வாரத்தில் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இயல்பு. 5.5-ஐத் தாண்டினால் உடனே மருத்துவரிடம் பேச வேண்டும். 6-க்கு மேல் போனாலோ, மேலே சொன்ன அறிகுறி இருந்தாலோ, 108-ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுப்பார்கள். இதயத்தைக் காக்க கால்சியம் குளுகோனேட் ஊசியும், பொட்டாசியத்தைத் தற்காலிகமாகச் செல்லுக்குள் தள்ள இன்சுலினும் குளுகோஸும் கொடுப்பார்கள். தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்வார்கள். ரத்தம் எடுக்கும்போது முஷ்டியை மாறிமாறி இறுக்கினாலும், எடுத்த ரத்தத்தில் செல்கள் உடைந்தாலும் எண் பொய்யாக ஏறும். அதனால் மறுபரிசோதனை செய்யச் சொல்வார்கள். அதைத் தட்டாதீர்கள்.

எதைப் படித்தும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் பக்கவாதமும் மாரடைப்பும் காத்திருக்கின்றன. வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் மட்டும் அன்றே மருத்துவரைக் கேட்டு, மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கேட்க உங்களுக்கு உரிமை உண்டு

எனலாப்ரில் மருந்துச் சீட்டின் பேரில் விற்க வேண்டிய மருந்து. அதைக் கொடுக்கும் மருந்தாளுநர் எப்படிச் சாப்பிடுவது, எதைத் தவிர்ப்பது என்று விளக்க வேண்டும் என்கின்றன 2015-ஆம் ஆண்டு மருந்தியல் நடைமுறை விதிகள். உங்கள் சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் மருத்துவர் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. பழைய கிரியாட்டினின் அறிக்கை தொலைந்துபோனால் இந்த உரிமையைப் பயன்படுத்துங்கள்.

மருந்தால் பாதிப்பு வந்ததாகச் சந்தேகம் இருந்தால் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024-ல் நோயாளியே தெரிவிக்கலாம். உப்புப் பாக்கெட்டில் சேர்மானத்தை மறைத்திருந்தாலோ, பொய்யான உறுதிமொழி அச்சிட்டிருந்தாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லுங்கள். இழப்பீடு கேட்பதானால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பாதிப்பு நடந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்ய வேண்டும். பாக்கெட்டின் உறையையும் பில்லையும் அதுவரை தூக்கி எறியாதீர்கள்.

பிரில், சார்டான் மாத்திரை சாப்பிடுபவர் உங்கள் வீட்டில் இருந்தால், கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்து மருத்துவர் சரி என்று சொல்லும்வரை பொட்டாசியம் கலந்த உப்பை அடுக்களைக்குள் கொண்டுவர வேண்டாம். அதுவரை பழைய உப்பையே பாதியாகக் குறைத்துப் போடுங்கள்.