யானைகள் மும்மடங்கான இரவு

2006 ஜூலை 31 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவையாளர் ஸ்டீபன் கோல்பேர் தன் நேயர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். ஆப்பிரிக்க யானைகளின் எண்ணிக்கை கடந்த ஆறு மாதங்களில் மும்மடங்கு ஆகிவிட்டது என்று விக்கிப்பீடியாவில் எழுதச் சொன்னார். நாலு பேர் சேர்ந்து ஒத்துக்கொண்டால் எதுவும் உண்மையாகிவிடும் என்ற போக்கை நையாண்டி செய்வதுதான் அவர் நோக்கம். நேயர்களுக்கு அந்த நுட்பமெல்லாம் எதற்கு? யானைக் கட்டுரையை நோக்கிக் கிளம்பிவிட்டார்கள்.

விக்கிப்பீடியாவின் தன்னார்வலர்கள் பொய் வரிகளை எடுத்தார்கள். புதிய கணக்குகள் திருத்த முடியாதபடி அந்தக் கட்டுரையைப் பூட்டினார்கள். யானை தொடர்பான வேறு சில கட்டுரைகளுக்கும் பூட்டு விழுந்தது. கோல்பேரின் பெயரிலேயே ஒரு கணக்கு திருத்தம் செய்துகொண்டிருந்தது, அதையும் தடுத்தார்கள். பிரபலத்தின் பெயரில் கணக்கு இருந்தால் அது அவருடையதுதானா என்று தெரியும்வரை அனுமதிப்பதில்லை என்பது அங்கே பழைய விதி. மாமூல் வேலையைப் போல எல்லாம் நடந்து முடிந்தது.

அது உண்மையிலேயே மாமூல் வேலைதான். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கும் இடத்தில், வேண்டுமென்றே உளறிவிட்டு எதிரே யார் குதிக்கிறார்கள் என்று காத்திருப்பவர்கள் தினமும் வருவார்கள். 2004இல் பெர்னாண்டா வியேகாஸ், மார்ட்டின் வாட்டன்பெர்க் ஆகியோர் ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளின் வரலாற்றை ஆராய்ந்தார்கள். கட்டுரையை மொத்தமாக அழித்துவிட்டுக் கெட்ட வார்த்தை எழுதிய நிகழ்வுகளில் பாதி, இரண்டு நிமிடம்கூட ஆவதற்குள் சரிசெய்யப்பட்டிருந்தன. எழுதியவர் தன் கைவண்ணத்தை நண்பனுக்குக் காட்டக் கூப்பிடுவதற்குள் அது போயிருக்கும்.

நீக்குவது சுலபம். ஒரு சொடுக்குப் போதும். எழுதியவருக்கு என்ன பதில் சொல்வது என்பதில்தான் கலை இருக்கிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். யானைக் கட்டுரையின் நடுவில் ஒருவர் 'ஹிஹி யானை முட்டை போடும் டோய்' என்று எழுதுகிறார். அண்மைய மாற்றங்கள் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தன்னார்வலர் முதலில் செய்ய வேண்டியது, அந்தக் கணக்கின் மற்ற பங்களிப்புகளைத் திறந்து பார்ப்பது. முதல் திருத்தமே இதுதானா, பத்து கட்டுரைகளில் இதே வேலையா, நேற்றுவரை ஒழுங்காக எழுதியவரா? மூன்றுக்கும் பதில் வேறு வேறு. முதல் தடவை என்றால் திருத்தத்தை நீக்கிவிட்டு, அவருடைய பேச்சுப் பக்கத்தில் ஒரு சிறு செய்தி வைக்கிறார். வணக்கம், நான் இன்னார், யானைக் கட்டுரையில் நீங்கள் செய்த மாற்றம் பொருத்தமாக இல்லாததால் எடுத்துவிட்டேன், எழுதிப் பழக மணல்தொட்டி இருக்கிறது, நான் தவறு செய்திருந்தால் என் பேச்சுப் பக்கத்தில் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

அந்தச் செய்தி என்ன நடந்தது என்று சொல்கிறது, எங்கே போய் விளையாடலாம் என்று காட்டுகிறது, எழுதியவரின் குணத்தைப் பற்றி மூச்சுவிடுவதில்லை. முட்டையைப் பற்றியும் பேச்சில்லை. யானை முட்டை போடாது என்று விளக்கப் போனால் வந்தவர் வென்றுவிடுவார். எந்த அளவு முட்டை என்று சிரித்துக்கொண்டே கேட்டாலும் வென்றுவிடுவார். 'உனக்கெல்லாம் அறிவில்லையா, எத்தனை பேர் உழைப்பு தெரியுமா' என்று பாய்ந்தால் வெற்றி இரட்டிப்பு. அவர் தேடி வந்ததே அந்தக் கோபத்தைத்தான்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் இந்தச் செய்திகள் நான்கு படிகளில் தயாராக இருக்கின்றன. முதல் படி, தெரியாமல் செய்திருப்பார் என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது அப்படியும் சொல்வதில்லை, இப்படியும் சொல்வதில்லை. மூன்றாவது, நிறுத்துங்கள் என்கிறது. நான்காவது கடைசி எச்சரிக்கை. அதற்குப் பிறகும் தொடர்ந்தால் நிர்வாகி தடுத்துவிடுவார். படி ஏற ஏற வாசகம் சுருங்குகிறது, குரல் உயர்வதில்லை.

தடுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பெயர் பதியாமல், பள்ளிக்கூடக் கணினியிலிருந்தோ வேறெங்கிருந்தோ விளையாடுபவர்களுக்கு அடிக்கடி விதிக்கப்படும் தடை 31 மணி நேரம். 24 மணி நேரம் என்றால், நாளை அதே பாடவேளையில் அதே பையன் அதே கணினி முன் உட்காரும்போது தடை நீங்கியிருக்கும். கூடுதலாக ஏழு மணி நேரம் வைத்தால் அந்த நாளும் கழிந்துவிடும். அதற்குள் அவனுக்கு அலுத்துப் போயிருக்கும். திட்டி எழுதும் ஒரு பக்கக் கடிதத்தைவிட இந்த ஏழு மணி நேரத்துக்குப் பலன் அதிகம் என்றே தோன்றுகிறது.

விக்கிப்பீடியர்கள் இந்தப் பக்குவத்துக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஆரம்ப ஆண்டுகளில், நீக்கப்பட்ட உளறல்களில் சிரிப்பு வரவழைப்பவற்றைத் தொகுத்துவைக்கத் தனிப் பக்கமே இருந்தது. வாசிக்கச் சுவையாகத்தான் இருக்கும். ஆனால் அதில் இடம்பிடிப்பதற்காகவே உளறலாம் என்ற ஆசையையும் அது கிளப்பக்கூடியது. எழுதியவர்களின் பெயர் இல்லாமல் சேர்த்ததால் உரிமச் சிக்கலும் இருந்தது. 2007இல் அந்தத் தொகுப்பில் பெரும்பகுதி நீக்கப்பட்டது.

இன்னொருவர் 'வில்லி ஆன் வீல்ஸ்'. 2004, 2005 வாக்கில் கட்டுரைகளின் தலைப்போடு 'சக்கரத்தின் மேல்' என்று சேர்த்துக்கொண்டே போனார். அவரைப் பற்றிப் பேசப் பேசப் புகழ் வளர்ந்தது, அவர் பெயரில் நகல் வில்லிகளும் கிளம்பினார்கள். முடிவில் கைகொடுத்தவை இரண்டு: புதுக்கணக்குகள் தலைப்பை மாற்ற முடியாதபடி மென்பொருளில் வைத்த கட்டுப்பாடு ஒன்று, அவரைப் பற்றிப் பேசுவதையே குறைத்துக்கொண்டது மற்றொன்று. 'நீக்கு, தடு, கண்டுகொள்ளாதே' என்பது அங்கே இன்றும் புழங்கும் சூத்திரம்.

இந்தச் சூத்திரத்துக்கு ஓர் ஆபத்தும் இருக்கிறது. பழகிய கை, உளறலையும் தடுமாற்றத்தையும் ஒரே வேகத்தில் நீக்கும். ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007க்குப் பிறகு எழுதுவோர் எண்ணிக்கை ஏன் குறைந்தது என்று ஆராய்ந்த ஏரன் ஹாஃப்பேக்கரும் அவர் குழுவினரும் 2013இல் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று: நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் திருத்தங்களும் நீக்கப்பட்டன, அவர்கள் திரும்பி வரவில்லை. எச்சரிக்கை வாசகங்களையும் அந்தக் காலகட்டத்தில் மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். ஆங்கிலத்தில் முதல் படிச் செய்தி இன்று 'வணக்கம், நான் இன்னார்' என்று தொடங்குகிறது. நீக்கியது ஒரு மனிதர் என்று தெரிந்தால், தவறாக நீக்கப்பட்டவர் வந்து கேட்க முடியும் அல்லவா?

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா போன்ற இடங்களில் இந்த எச்சரிக்கை இன்னும் அவசியம். தமிழில் எழுத யூனிகோடு பரவும் முன்பு ஆளுக்கொரு எழுத்துரு இருந்தது. பாமினியில் தட்டிப் பழகிய ஒரு பெரியவர் தன் கோப்பிலிருந்து ஒட்டும் எழுத்து, மற்றவர் திரையில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். `jkpo;` என்று ஒரு வரி வந்து விழுந்தால் பார்ப்பவருக்கு விசைப்பலகையில் பூனை நடந்ததுபோல் இருக்கும். பாமினியில் அது 'தமிழ்'.