முடிவுச் சீட்டு வரட்டும், மைக் பொறுக்கட்டும்

2024 ஆகஸ்ட் 4, பாரிஸ் ஒலிம்பிக். ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டம் முடிந்த கணமே, ஜமைக்காவின் கிஷேன் தாம்சன் ஜெயித்துவிட்டார் என்று முழங்கினார் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி வர்ணனையாளர் லீ டிஃபி. சற்று நேரத்தில் திரையில் முதலிடத்தில் வந்ததோ நோவா லைல்ஸ் பெயர். லைல்ஸ் 9.784 விநாடி, தாம்சன் 9.789 விநாடி. டிஃபி பின்னர் தன் தவறை ஒப்புக்கொண்டார்.

அங்கே கேமரா இருந்தது, தப்பு உடனே திருத்தப்பட்டது. நம் பள்ளி விளையாட்டு விழாவில் இருப்பது சுண்ணாம்புக் கோடும் நான்கைந்து நடுவர்களும்தான். மைக்கில் ஒருமுறை "பச்சை அணி முதலிடம்!" என்று வந்துவிட்டால், நடுவர் வேறு முடிவு சொல்லும்போது மைதானமே அவரைச் சந்தேகப்படும்.

தப்பு வருவதற்குக் காரணம், வர்ணனையாளர் உட்காரும் இடம். விழா மேடை பெரும்பாலும் எல்லைக்கோட்டுக்கு நேராக இருப்பதில்லை, சற்றுத் தள்ளித்தான் இருக்கும். சாய்வாகப் பார்க்கும் கண்ணுக்கு யார் முன்னால் என்பது மாறித் தெரியும். போதாக்குறைக்கு, விதிப்படி கோட்டைத் தொட வேண்டியது உடற்பகுதி. தலை, கை, கால் எது முன்னால் நீண்டாலும் கணக்கில் வராது. மேடையிலிருந்து பளிச்சென்று தெரிவது நீட்டிய கைதான்.

ஜூனியர் மாணவிகள் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஓட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்பு அழைப்பு: "முதல் அழைப்பு. ஜூனியர் மாணவிகள் 100 மீட்டர் இறுதி ஓட்டம். தகுதி பெற்ற ஆறு பேரும் வேப்பமரத்தடிக்கு வரவும். ஓட்டம் பத்தேகால் மணிக்கு." எந்தப் போட்டி, யார், எங்கே, எப்போது என்ற நான்கும் இருந்தால் போதும். இதையே இரண்டு முறை, நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒலி 100 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.3 விநாடி ஆகிறது. மைதானத்தின் இரு முனையிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தால் ஒரே சொல் இரண்டு முறை காதில் விழும். வேகமாகப் பேசினால் எதுவுமே புரியாது.

இரண்டாம் அழைப்புக்கும் ஒருத்தி வரவில்லை என்றால், பெயரை அடிப்பதற்கு முன் நீளம் தாண்டும் இடத்துக்கு ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டும். பல நேரம் அவள் அங்கே தன் முறைக்காக நின்றுகொண்டிருப்பாள்.

அறிமுகத்தில் எல்லோருக்கும் ஒரே அளவு: லேன் எண், இனிஷியலோடு பெயர், அணி. "மூன்றாவது லேன், போன வருஷ சாம்பியன்" என்று ஒருத்திக்கு மட்டும் பட்டம் சேர்ப்பது மற்ற ஐந்து பேருக்கும் அநியாயம்.

தொடக்க நடுவர் விசில் ஊதியதும் மைக்கும் பாட்டும் நின்றுவிட வேண்டும். இங்கேதான் பல பள்ளிகளில் சொதப்புகிறது. ஸ்பீக்கர் அருகில் நிற்கும் பிள்ளைக்குக் கட்டளை சரியாகக் கேட்காமல் போகலாம். அவள் தாமதமாகக் கிளம்பினால் அந்தத் தோல்விக்கு யார் பொறுப்பு?

ஓடும்போது கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லலாம்: "நீலமும் மஞ்சளும் சேர்ந்தே வருகிறார்கள்... சிவப்பு நெருங்குகிறார்... மூவரும் கோட்டைக் கடந்துவிட்டார்கள். நடுவர்களின் முடிவுக்காகக் காத்திருப்போம்." விறுவிறுப்பு துளியும் குறையவில்லை, யாருக்கும் பரிசும் கொடுத்துவிடவில்லை. கடைசிப் பெண் வந்து சேரும்வரை மைக் அவளோடும் இருக்க வேண்டும். ஆனால் கேலி கூடாது, "பாவம்" என்ற பரிதாபமும் கூடாது.

தலைமை நடுவர் கையெழுத்திட்ட சீட்டு வந்த பிறகே முடிவு: "அதிகாரபூர்வ முடிவு. முதலிடம், நான்காவது லேன், மஞ்சள் அணி..." அறிவித்த நேரத்தைச் சீட்டிலேயே குறித்துவைப்பது அவசியம். உலகத் தடகள விதிப்படி, முடிவு அறிவித்த 30 நிமிடத்துக்குள் அதை எதிர்த்து முறையிடலாம். ஆகவே, கெடு ஓடத் தொடங்குவதே அந்த அறிவிப்பிலிருந்துதான். பள்ளி இதைவிடக் குறுகிய கெடு வைத்திருந்தால் விழாத் தொடக்கத்திலேயே அதையும் அறிவித்துவிட வேண்டும்.

அப்படியும் தவறு நேர்ந்தால், "திருத்தம்" என்று தொடங்கி, தவறான முடிவைச் சொன்ன அதே குரலில் சரியானதை இரண்டு முறை சொல்ல வேண்டும். ரேங்க் மாறிய மாணவியைத் தனியே கூப்பிட்டுக் காதோடு சொல்வது திருத்தம் ஆகாது.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஏதாவதொரு அணியின் பொறுப்பாசிரியரிடம் மைக்கைக் கொடுக்காதீர்கள். எவ்வளவு நல்லவராக இருந்தாலும், தன் அணி முந்தும்போது குரல் தானாக ஏறிவிடும். எந்த அணியிலும் இல்லாத ஆசிரியர் கிடைக்காவிட்டால், இரண்டு அணிகளிலிருந்து இருவரை உட்கார வைத்து, ஓட்டத்துக்கு ஓட்டம் மாறி மாறிப் பேசச் சொல்லுங்கள்.