‘முடியலை’ என்று சொன்னால் போதும்

கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் பெண் ஒருவரை நினைத்துக்கொள்வோம். பதற்ற நோய்க்காக ஆறு மாதமாக மருந்து எடுக்கிறார். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. இரவு முழுக்கத் தூக்கமில்லை; காலை ஏழு மணிக்குக் குளிக்கப் போகக்கூட எழ முடியவில்லை. கைப்பேசியை எடுத்து மேலாளருக்கு ‘காய்ச்சல்’ என்று அடிக்கிறார்.

அந்தச் சொல்தான் சிக்கல். காய்ச்சல் என்றால் மறுநாள் கேள்வி வரும்: “டெங்குவா? டெஸ்ட் எடுத்தீங்களா?” ஒரு பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது பொய் வேண்டும். பொய் வெளிப்பட்டால், நியாயமாகக் கிடைக்க வேண்டிய விடுப்பே நடவடிக்கைக்குக் காரணமாகிவிடலாம். பதற்றத்தோடு இருப்பவருக்கு இந்தப் பயம் இன்னொரு சுமை.

உண்மையில் அவர் பொய் சொல்லத் தேவையே இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு நோய் விடுப்பும், அதுபோக 12 நாள் வரை தற்செயல் விடுப்பும் தருகிறது. நாம் ‘சி.எல்.’ என்று சொல்லும் அந்தத் தற்செயல் விடுப்புக்குச் சட்டம் வைக்கும் நிபந்தனை, நியாயமான ஏதாவது ஒரு காரணம் இருக்க வேண்டும் என்பதுதான். நோயின் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்று அதில் இல்லை. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. தொழிற்சாலைகளுக்கும் அரசு வேலைக்கும் விதிகள் வேறு. அவர்கள் தங்கள் விடுப்பு விதிகளை ஒருமுறை படித்து வைத்துக்கொள்வது நல்லது.

ஆகவே ஒரே ஒரு நாள் என்றால் முதலில் சி.எல். கேளுங்கள். அந்தப் பெண் ‘காய்ச்சலை’ அழித்துவிட்டு இப்படி எழுதலாம்:

“சார், இன்னிக்கு எனக்கு முடியலை. ஒரு நாள் சி.எல். எடுத்துக்கிறேன். வெண்டார் பில் எல்லாம் நேத்தே என்ட்ரி போட்டாச்சு. பேங்க் ஸ்டேட்மென்ட் மட்டும் பாக்கி. நாளைக்குக் காலையில முடிச்சிடறேன்.”

‘முடியலை’ என்ற சொல் உடம்புக்கும் பொருந்தும், மனசுக்கும் பொருந்தும். அதில் பொய் இல்லை. எத்தனை நாள், எந்த வகை விடுப்பு, எந்த வேலை பாக்கி என்ற மூன்றும் இருக்கின்றன. மேலாளருக்குப் பெரும்பாலும் தெரிய வேண்டியது அவ்வளவுதான். வேலை தொடங்கும் நேரத்துக்கு முன்பே அனுப்பிவிட வேண்டும். செயலியில் காரணம் கேட்கும் கட்டத்திலும் ‘உடல்நலம்’ அல்லது ‘சொந்தக் காரணம்’ என்று மட்டும் எழுதினால் போதும். அங்கே எழுதுவது பலர் கண்ணில் படும், பதிவாகவும் இருக்கும்.

மேலாளர் அக்கறையாகவே “என்னாச்சும்மா?” என்று கேட்கலாம். “ஹெல்த் விஷயம் சார், டாக்டர்கிட்ட பார்த்துட்டுதான் இருக்கேன். நாளைக்கு வந்துடுவேன்” என்பதோடு நிறுத்துங்கள். மறுபடி கேட்டாலும் அதே வாக்கியம்தான். விளக்கம் நீள நீள, மறைக்க நினைத்தது தானாக வெளியே வந்துவிடும்.

நோய் விடுப்பு எடுத்தால் சில அலுவலகங்கள் மருத்துவச் சான்று கேட்கும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். சான்றில் நோயின் பெயர் இல்லாவிட்டாலும், தாளின் தலைப்பில் ‘மனநல மருத்துவர்’ என்று அச்சாகியிருக்கும். மருந்துச் சீட்டை இணைத்தால் மாத்திரையின் பெயரே சொல்லிவிடும். அதனால் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள்: “இன்ன தேதியில் ஓய்வு தேவை என்று மட்டும் எழுத முடியுமா? துறையின் பெயர் இல்லாத, மருத்துவமனையின் பொதுத் தாளில் தர முடியுமா?” தேதியும் ஓய்வும் உண்மையாக இருக்கும்வரை இதில் தவறில்லை. அலுவலகத்திலிருந்து யாராவது தொலைபேசியில் விசாரித்தாலும், உங்கள் சம்மதமில்லாமல் மருத்துவர் உங்கள் நோயைப் பற்றிப் பேசக் கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அந்த ரகசியத்தை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது.

இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. மாதத்தில் மூன்று, நான்கு நாள் ‘முடியலை’ என்று எழுத வேண்டி வந்தால் சி.எல். சீக்கிரம் தீர்ந்துவிடும், சம்பளப் பிடித்தமும் தொடங்கும். அப்போது மனிதவளப் பிரிவில் ஒரே ஒருவரிடம், “தொடர் சிகிச்சையில் இருக்கிறேன், மாதம் இரண்டு மாலை சீக்கிரம் கிளம்ப வேண்டும்” என்று தேவையை மட்டும் சொல்லலாம். அப்போதும் நோயின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

விடுப்பு கிடைத்த அந்த ஒரு நாளில் யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்று தோன்றினால், 14416 என்ற எண்ணில் அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும், கட்டணமில்லாமல், தமிழில் பேசலாம்.