பக்கவாட்டில் நழுவும் வெப்பம்

தெர்மகோல் பலகை விற்கிறவர்கள் தரும் விவரத்தாளில் 0.035 என்றொரு எண் இருக்கும். ஒரு மீட்டர் தடிமனுள்ள பலகையின் இரு முகங்களுக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் பரப்பு வழியாக 0.035 வாட் வெப்பம் கடக்கும் என்று அர்த்தம். இதைத்தான் வெப்பக் கடத்துத்திறன் என்கிறோம். செங்கலுக்கு இது ஏறக்குறைய 0.7, அசையாமல் நிற்கும் காற்றுக்கு 0.026. தெர்மகோலில் பெரும்பகுதி அடைபட்ட காற்றுதான் என்பதால் அதன் எண் காற்றை ஒட்டியே நிற்கிறது.

கல்லூரியில் இயற்பியல் படித்தவர்களுக்கு லீ தட்டுச் சோதனை நினைவிருக்கும். மேலே நீராவி அறை, கீழே தொங்கும் பித்தளைத் தட்டு, நடுவில் அட்டையோ எபோனைட்டோ. மாதிரி மெல்லிய வில்லையாக இருப்பதால் அதன் ஓரம் வழியாக ஓடும் வெப்பம் சொற்பம். அதைக் கணக்கில் விட்டுவிடலாம். அதே இடத்தில் 50 மில்லிமீட்டர் தடிமனில் தெர்மகோலை வைத்துப் பாருங்கள். மேலிருந்து கீழே போக வேண்டிய வெப்பத்தில் கணிசமான பங்கு பக்கவாட்டில் கிளம்பிப் போய்விடும்.

சுற்றிலும் எதையாவது போர்த்தி அடைத்துவிடலாமே என்று தோன்றும். மின்சாரத்துக்கு அது சரி. செம்புக் கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை போட்டால் மின்சாரம் வெளியே வராது. இரண்டின் கடத்துத்திறனுக்கும் நடுவே அவ்வளவு பெரிய இடைவெளி. வெப்பத்தில் செம்பு சுமார் 400, தெர்மகோல் 0.035. பத்தாயிரம் மடங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். போதாக்குறைக்கு, நாம் அளக்கப்போகும் பொருளே நம் கையில் இருப்பதில் நல்ல தடுப்பான். அதை எதைக் கொண்டு போர்த்துவது?

அதனால் வேறு வழி பிடித்தார்கள். சூடான இடத்தின் பக்கத்தில் அதே சூட்டில் இன்னொன்றை வைத்துவிட்டால் வெப்பத்துக்கு அந்தத் திசையில் போகக் காரணமே இல்லை. ‘கார்டட் ஹாட் பிளேட்’ என்று ஆய்வகங்களில் சொல்லும் காவல் சூட்டுத் தட்டு இந்த ஒரே யோசனையில் நிற்கிறது. நம் நாட்டில் ஐ.எஸ். 3346 என்ற தர ஆவணம் இந்த முறையைத்தான் விவரிக்கிறது.

தட்டு 300 மில்லிமீட்டர் சதுரம் என்று வைத்துக்கொள்வோம். அதன் நடுவில் சுமார் 150 மில்லிமீட்டர் சதுரம் தனியாக இருக்கும். அதற்குத் தனி ஹீட்டர். சுற்றிலும் சட்டம் போட்டது போல இன்னொரு தட்டு, அதற்கும் தனி ஹீட்டர். அதுதான் காவல் வளையம். இரண்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சந்து. தட்டின் இரு முகங்களிலும் வெப்பம் கிளம்பும் என்பதால், ஒரே ரகத்து மாதிரிகள் இரண்டை எடுத்து மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக வைப்பார்கள். அவற்றுக்கு வெளியே தண்ணீர் ஓடும் குளிர்த் தட்டுகள். நடுத்தட்டுக்குப் போகும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகி இரு மாதிரிகள் வழியாக நேராகக் குளிர்த் தட்டுக்குப் போக வேண்டும். அது நேராகப் போகிறதா என்று பார்ப்பதுதான் வேலையே.

ஒரு கணக்கு போடலாம். சூட்டுத் தட்டு 35 டிகிரி, குளிர்த் தட்டு 15 டிகிரி, வித்தியாசம் 20. மாதிரியின் தடிமன் 0.05 மீட்டர். அளவுப் பரப்பைச் சந்தின் நடுக்கோடு வரை எடுப்பது வழக்கம், அது 0.0225 சதுர மீட்டர். நடு ஹீட்டர் 0.63 வாட் எடுக்கிறது.

k = Q × d ÷ (2 × A × ΔT)
k = 0.63 × 0.05 ÷ (2 × 0.0225 × 20) = 0.035

கணக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் பெருக்கல்தான். ஆனால் அந்த 0.63 வாட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். இரவு விளக்கு ஒன்று எரியப் போதுமான சக்தி. அதில் 0.02 வாட் சந்தைத் தாண்டிக் காவல் பக்கம் போனாலே விடையில் மூன்று சதவீதம் பிழை.

சந்தின் இரு கரைகளும் ஒரே சூட்டில் இருக்கின்றனவா என்பதைத் தெர்மோகப்பிள்கள் சொல்லும். ஒரு ஜோடி தருவது டிகிரிக்குச் சுமார் 40 மைக்ரோவோல்ட். நூறில் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு அரை மைக்ரோவோல்ட் கூட வராது. அதனால் இருபது ஜோடிகளைச் சந்தின் நெடுகிலும் குறுக்கே தைத்தது போலத் தொடராகக் கோத்துவிடுகிறார்கள். இப்போது அதே வித்தியாசத்துக்கு எட்டு மைக்ரோவோல்ட் கிடைக்கும். இந்த அளவு சுழிக்கு வரும்வரை காவல் ஹீட்டரைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கருவியை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்க எனக்குப் பிடித்த ஒரு சோதனை உண்டு: வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்பது. காவலை நடுத்தட்டைவிட அரை டிகிரி அதிகமாக வைத்தால், வெப்பம் உள்ளே கசிந்து நடு ஹீட்டரின் வேலை குறையும், 0.58 வாட் போதும் என்று ஆகலாம். விடை 0.032. அரை டிகிரி குறைத்து வைத்தால் 0.68 வாட், விடை 0.038. ஆக, இந்தக் கருவியில் ஒரு டிகிரிக்கு 0.1 வாட் கசிகிறது. சமநிலையை 0.05 டிகிரிக்குள் பிடித்தால் பிழை ஒரு சதவீதத்துக்குள் அடங்கும். இந்த எண் தெரியாமல் ‘காவல் சரியாக இருக்கிறது’ என்று சொல்வதில் அர்த்தமில்லை.

கருவி ஒழுங்காக இருந்தும் மாதிரி காலை வாரிவிடும். கல்நார்ப் பஞ்சு என்று தவறாக அழைக்கப்படும் ராக்வுல் போன்ற மெத்தென்ற பலகைகள், தட்டுகளின் அழுத்தத்தில் 50 மில்லிமீட்டரிலிருந்து 48-க்கு இறங்கிவிடும். சீட்டில் அச்சிட்ட 50-ஐக் கணக்கில் போட்டால் விடை நான்கு சதவீதம் கூடிவிடும். அதனால் தட்டுகளுக்கு நடுவே இருக்கும் நிலையிலேயே தடிமனை அளக்க வேண்டும்.

ஈரம் இதைவிட மோசம். தண்ணீரின் கடத்துத்திறன் சுமார் 0.6, காற்றைப் போல இருபது மடங்குக்கு மேல். அது மட்டுமா? சூடான பக்கத்தில் ஆவியாகிக் குளிர்ந்த பக்கத்தில் படியும்போது வெப்பத்தையும் கையோடு கொண்டுபோகிறது. இதன் அடையாளம் அளவீடுகளிலேயே தெரியும். அரை மணிக்கொரு முறை எடுக்கும் எண்கள் முன்னும் பின்னுமாகச் சிறிது ஆடினால் பரவாயில்லை. ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனால் உள்ளே ஈரம் இடம் மாறுகிறதா என்று சந்தேகப்பட வேண்டும். எடை மாறாத வரை உலர்த்திவிட்டுத்தான் மாதிரியை உள்ளே வைக்க வேண்டும். சோதனை முடிந்ததும் மறுபடி எடை போட வேண்டும். சென்னை போன்ற ஊரில் இன்னொரு தொல்லை: 15 டிகிரித் தட்டைக் கடற்கரைக் காற்று தொட்டால் ஐஸ் தண்ணீர் டம்ளர் போல வியர்த்துவிடும். கருவியைச் சுற்றி உலர்ந்த காற்று இல்லாமல் இங்கே வேலை நடக்காது.

நிலைக்கு வரவே பல மணி நேரம் பிடிக்கும் என்பதால் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் ஒப்பீட்டு முறைதான். இங்கே வாட்டை எண்ணுவதில்லை. சூட்டுத் தட்டுக்கும் குளிர்த் தட்டுக்கும் நடுவே மாதிரியோடு வெப்ப ஓட்ட உணரி ஒன்றையும் வைப்பார்கள். முதலில் கடத்துத்திறன் ஏற்கெனவே தெரிந்த பலகையை வைத்து, இவ்வளவு வெப்பத்துக்கு உணரி இத்தனை மில்லிவோல்ட் என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு நம் மாதிரி. எடைக்கல் வைத்து நிறுப்பது மாதிரிதான்; கல்லில் குறை இருந்தால் சரக்கிலும் குறை. தெரிந்த பலகையும் மாதிரியும் ஏறக்குறைய ஒரே தடிமனிலும் ஒரே கடத்துத்திறனிலும் இருப்பது நல்லது. இல்லாவிட்டால் ஓரக் கசிவு இரண்டுக்கும் வேறு வேறாக இருந்து ஒப்பீட்டைக் கெடுத்துவிடும்.

அந்தத் தெரிந்த பலகை எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனமான நிஸ்ட், 1450 என்ற வரிசையில் கண்ணாடி இழைப் பலகையைச் சான்றிதழோடு தருகிறது. அந்தச் சான்றிதழில் இருக்கும் எண்ணும் ஒரு காவல் சூட்டுத் தட்டில் அளந்ததுதான். பார்ப்பதற்குச் சாதாரண ஏசி குழாய்க்குச் சுற்றும் சரக்கு போலவே இருக்கும். அலமாரியிலிருந்து எடுக்கும்போது விரல் முகத்தில் படாமல் ஓரத்தைப் பிடித்துத் தூக்குவார்கள். ஓரிடத்தில் அழுந்திப் பள்ளம் விழுந்துவிட்டால் அந்தச் சான்றிதழ் வெறும் காகிதம்.