சொதி திரிஞ்ச கதையும் 12 டாலர் கணக்கும்

இந்த எபிசோடு எங்க வீட்டுக் கதை. பாளையங்கோட்டையில இருக்கிற என் அத்தை, வெளிநாட்டுல இருக்கிற குடும்பங்களுக்கு வீடியோ காலில் சமையல் சொல்லிக்கொடுக்கிறாங்க. கேமரா, லிங்க், பணக்கணக்கு எல்லாம் என் பொறுப்பு. முதல் மாசம் ரெண்டு பெரிய தப்பு பண்ணினோம். ஒண்ணு அடுப்புல, இன்னொண்ணு கட்டணத்துல.

முதல் வகுப்புக்கு எடுத்தது திருநெல்வேலி சொதி. கல்யாணம் முடிஞ்சு மாப்பிள்ளைக்கு வைக்கிற விருந்துல வருமே, அதேதான். தேங்காயை அரைச்சு மூணு தடவை பால் எடுக்கணும். மூணாம் பால்ல காய் வேகணும், அப்புறம் ரெண்டாம் பாலும் வெந்த பாசிப்பருப்பும் சேரணும். கடைசியா கெட்டியான முதல் பால். அது கொதிக்கக் கூடாது. ஓரத்துல நுரை கட்டினதும் நிறுத்தணும். எலுமிச்சைச் சாறு சூடு கொஞ்சம் தணிஞ்ச பிறகுதான். கொதிக்கும்போது விட்டா பால் திரிஞ்சு, வெள்ளை வெள்ளையா பூ மாதிரி மேல மிதக்கும், கீழே தண்ணி நிக்கும்.

அத்தை இதையெல்லாம் தெளிவா சொன்னாங்க. “நுரை கட்டிட்டுதா? அடுப்ப அணைச்சிருங்க”ன்னாங்க. நியூ ஜெர்சியில ஒரு அக்கா உடனே அணைச்சாங்க. ஆனாலும் ரெண்டு நிமிஷத்துல அவங்க சொதி திரிஞ்சுபோச்சு. அவங்க முகம் வாடினதை ஸ்க்ரீன்ல பார்த்தப்போ எனக்கே சங்கடமா இருந்துச்சு. “நான் எங்க தப்பு பண்ணேன்?”னு திரும்பத் திரும்பக் கேட்டாங்க. அவங்க தப்பு எதுவுமே இல்லை. அவங்களோடது கரண்ட் அடுப்பு. கேஸ் அடுப்புல குமிழைத் திருப்பினா நெருப்பு அப்பவே நின்னுடும். காயில் அடுப்புல சுவிட்சை அணைச்ச பிறகும் தட்டு ரொம்ப நேரம் கனன்னுட்டே இருக்கும். நுரை கட்டின சொதி அதுமேலேயே உக்காந்து கொதிச்சிருக்கு.

இப்போ அத்தை “அணைங்க”ன்னு சொல்றதே இல்லை, “பாத்திரத்த இறக்கி மரப்பலகையில வைங்க”ன்னுதான் சொல்றாங்க. அதையும் கொஞ்சம் முன்னாடியே சொல்வாங்க, ஏன்னா வீடியோ ஒண்ணு ரெண்டு செகண்ட் தாமதமாத்தான் போய்ச் சேருது. பேர் கொடுக்கிறப்பவே “உங்க அடுப்பு கேஸா, காயிலா, இண்டக்‌ஷனா?”ன்னு நான் கேட்டுடுவேன். டின் தேங்காய்ப்பால் வாங்குறவங்களுக்கு அளவு வேற. 400 மில்லி டின்ல 250ஐ முதல் பாலா தனியா எடுத்து வைக்கணும், மிச்சத்துல தண்ணி கலந்து காய் வேக வைக்கணும். டம்ளர் கணக்கு ஊருக்கு ஊர் மாறுறதால எல்லாமே கிராம், மில்லியிலதான்.

ஒவ்வொரு வீட்டுப் பாத்திரத்தையும் பார்த்தாத்தான் நுரை தெரியும். அதனால ஒரு வகுப்புக்கு ஆறு வீடுதான். இந்த ஆறுங்கிற எண்தான் கட்டணத்தையும் தீர்மானிக்குது.

முதல்ல வீட்டுக்கு 300 ரூபாய் வெச்சிருந்தோம். அதுவும் என் பிடிவாதத்துல. அத்தை, “எய்யா, சமையல் சொல்லிக்குடுக்கதுக்குப் போய் துட்டு வாங்குவாங்களா? நம்ம பிள்ளைங்கதான!”ன்னாங்க. இத்தனைக்கும் விசேஷ வீட்டுச் சமையலுக்குப் போனா அரை நாளுக்கு 1,600 ரூபாய் வாங்குறவங்க. அதாவது மணிக்கு 400. அது வேலையாம், இது வெறும் பேச்சாம்.

சரி, பேச்சுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு ஒரு வாரம் குறிச்சு வெச்சேன். வகுப்பு ஒன்றரை மணி நேரம்தான். ஆனா முந்தின நாள் ஒருமுறை சமைச்சுப் பார்க்க, கடைக்குப் போக, வாட்ஸ்அப்ல சந்தேகத்துக்குப் பதில் சொல்ல, கழுவி எடுத்து வைக்கன்னு மொத்தம் ஆறு மணி நேரம் வந்துச்சு. மணிக்கு 400னா 2,400 ரூபாய். ரெண்டு தடவை சமைக்கிற சாமான் 600. கேமராவைப் பிடிக்க வர்ற பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு 500. ஆக 3,500. ஆறு வீடு முழுசா வந்தாலும் கையில் வந்தது 1,800தான். சாமானும் அந்தப் பொண்ணுக்குக் கொடுத்ததும் போக, அத்தைக்கு மணிக்கு 117 ரூபாய்.

ஆறு பேரும் வருவாங்கன்னு நம்பிக் கணக்குப் போடக் கூடாது. நான் நாலு வீட்டுக்குப் போட்டேன். 3,500ஐ நாலால வகுத்தா 875. பணம் அனுப்புற வழியில போற பிடித்தத்துக்கும் டாலர் மாத்துற செலவுக்கும் 6 சதவீதம் ஒதுக்கினா 930 கிட்ட வருது. டாலர் 85 ரூபாய்னு வெச்சு 12 டாலர்னு முடிவு பண்ணினோம். தலைக்கு இல்ல, வீட்டுக்கு. ஒரே அடுப்புக்கு முன்னாடி நாலு பேர் நின்னாலும் அத்தைக்கு வேலை ஒண்ணுதான். மூணு பேர் மட்டும் வந்தா நஷ்டம்தான், அதனால மூணு நாளைக்கு முன்னாடி நாலு வீடு சேரலைன்னா அடுத்த வாரத்துக்குத் தள்ளிடுவோம்.

நோட்டைக் காட்டினப்போ அத்தை அந்த 117லயே ரொம்ப நேரம் விரலை வெச்சிருந்தாங்க. அப்புறம், “சரி, வாங்கிக்கோ. ஆனா சொதி திரிஞ்ச பிள்ளைக்கு அடுத்த வகுப்பு சும்மா”ன்னாங்க. அந்த அக்கா போன சனிக்கிழமை வந்தாங்க. நமக்கு ராத்திரி ஏழரை, அவங்களுக்குக் காலைல பத்து. பக்கத்துலயே மரப்பலகை தயாரா இருந்துச்சு.